2, 4, 4, 8: அளவு ஒவ்வாத டிஸ்க்குகளை ஒன்றாக்கினால் கிடைப்பது என்ன, போவது என்ன

கொக்குவிலில் ஒரு வீடியோ ஸ்டூடியோ. கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று வருடம் முழுக்க வேலை. பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, எடிட் செய்யும் மூன்று பேரும் அதிலேயே கோப்புகளை வைக்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். கையில் இருந்த ஹார்ட் டிஸ்க்குகள் நான்கு: 2 டெராபைட் ஒன்று, 4 டெராபைட் இரண்டு, 8 டெராபைட் ஒன்று. நான்கும் வேறு வேறு வருடங்களில், காசு கிடைத்த நேரத்தில் வாங்கியவை.

"அண்ணை, நாலையும் கூட்டினால் பதினெட்டு வருது. ரெய்ட் போட்டால் ஆறுதான் காட்டுது. மிச்சப் பன்னிரண்டும் எங்க போகுது?" என்று கேட்டார் அதை நடத்தும் தம்பி.

இதே கேள்வியோடு இன்னும் பலர் என்னிடம் வந்திருக்கிறார்கள். சிலர் யாரோ சொன்னதைக் கேட்டு எல்விஎம்மில் எல்லாவற்றையும் கோர்த்துவிட்டு வருவார்கள். சிலர் வெவ்வேறு அளவு டிஸ்க்கை ஏற்று நெட்வொர்க்கில் கோப்புகளைப் பகிரும் நாஸ் பெட்டியைப் பார்த்துவிட்டு, அதையே கையால் செய்யலாமா என்று கேட்பார்கள். இரண்டுக்கும் பதில் உண்டு. ஆனால் அந்தப் பன்னிரண்டு டெராபைட்டில் எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது என்பதோடு, அதற்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்பதையும் பார்த்துத்தான் முடிவு எடுக்க வேண்டும். அந்த ஸ்டூடியோவின் நான்கு டிஸ்க்கை வைத்தே இதைக் கணக்குப் பார்ப்போம். இயங்குதளம் தனியாகச் சின்ன எஸ்எஸ்டி ஒன்றில் இருக்கிறது, அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

## எதை வைத்து நிறுப்பது

கொள்ளளவை எல்லாரும் முதலில் கேட்பார்கள். அதைக் கடைசியாகப் பார்க்கலாம். அதற்கு முன் நான் கேட்பவை நான்கு.

ஒரு டிஸ்க் செத்தால் எவ்வளவு போகும்? புது டிஸ்க் போட்ட பிறகு எல்லாம் பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் கரண்ட் போனால் என்ன ஆகும்? அடுத்த வருடம் இன்னொரு டிஸ்க் வாங்கினால் அது எப்படிச் சேரும்? நான் ஊரில் இல்லாத நாளில் இந்தக் கணினியின் மதர்போர்டு எரிந்தால், டிஸ்க்குகளை வேறு கணினியில் செருகித் திறக்க யாரால் முடியும்?

இரண்டாவது கேள்வியை யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அப்படியான காலம் இப்போது இல்லை என்றாலும், மழைக்காலத்தில் அரை மணித்தியாலம் போய் வருவது வழமை. சாதாரண யூபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம் தாங்கும். டிஸ்க் மீளக்கட்டும் வேலைக்கோ பல மணித்தியாலம் வேண்டும்.

## வழமையான ரெய்ட் 5

பல டிஸ்க்கை ஒன்றாக்கி, அதில் ஒன்று செத்தாலும் தரவு தப்பும்படி வைப்பது ரெய்ட் 5. அது எல்லா டிஸ்க்கையும் மிகச் சிறியதன் அளவாகவே பார்க்கும். நான்கு டிஸ்க், ஒவ்வொன்றிலும் 2 டெராபைட், அதில் ஒரு டிஸ்க் அளவு, செத்த டிஸ்க்கின் தரவை மீளக் கணக்கிட உதவும் பாரிட்டிக்குப் போகும். மிஞ்சுவது 6 டெராபைட். நான்குகளில் தலா 2, எட்டில் 6, ஆக 10 டெராபைட் தொடப்படாமலே கிடக்கும். பாரிட்டிக்குப் போன 2 டெராபைட்டையும் சேர்த்தால் தம்பி கேட்ட பன்னிரண்டு வந்துவிடும்.

நான்கு டிஸ்க்கும் ஒரே அளவாக இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. ஒரு தொகுதி, ஒரு நிலை. `/proc/mdstat` என்ற கோப்பில் ஒரே ஒரு வரியைப் பார்த்தால் நலமா இல்லையா என்று தெரிந்துவிடும். டிஸ்க் ஒன்று செத்தால் புதியதைச் செருகி ஒரு கட்டளை கொடுத்தால் போதும், வேலை தெரிந்த எவரும் தொலைபேசியில் சொல்லியே செய்விக்கலாம். கீழே சொல்லும் கலப்பு முறையில் நாம் இழக்கப்போவது முக்கியமாக இந்த எளிமையைத்தான்.

வளர்ச்சி மெதுவாகத்தான் வரும். 2 டெராபைட் டிஸ்க்கை எடுத்துவிட்டு 8 டெராபைட் போட்டால் மிகச் சிறியது 4 ஆகிவிடும், கொள்ளளவு 12 ஆக உயரும். ஆனால் சிறியவை எல்லாம் மாறும் வரை பெரிய டிஸ்க்குக்குக் கொடுத்த காசின் ஒரு பகுதி தூங்கிக்கொண்டே இருக்கும்.

## நேர்கோட்டு எல்விஎம்

எல்விஎம் டிஸ்க்குகளை 4 மெபிபைட் அளவுள்ள சின்னச் சின்னத் துண்டுகளாகப் பார்த்து, ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்து, ஒரே பெரிய டிஸ்க் போலக் காட்டும். நமது நான்கும் சேர்ந்து முழுப் பதினெட்டும் கிடைக்கும். டிஸ்க் ஒன்று கூடினால் `vgextend`, பழையதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் `pvmove`. கோப்புகள் திறந்திருக்கும்போதே தரவை ஒரு டிஸ்க்கிலிருந்து மற்றதற்கு நகர்த்திவிடலாம். இந்த நெகிழ்வுக்கு ஈடான ஒன்று வழமையான ரெய்ட்டில் இல்லை.

ஆனால் இதில் பாதுகாப்பு என்று எதுவும் இல்லை. தனித்தனி டிஸ்க்காக வைத்திருந்ததைவிட நிலைமை மோசம். ஒரு டிஸ்க் ஒரு வருடத்தில் சாக 100க்கு 3 வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம், கணக்குக்காகத்தான். நான்கைக் கோர்த்தால், அவற்றில் ஏதாவது ஒன்று அந்த வருடத்தில் சாக 100க்கு 11க்கு மேல் வாய்ப்பு வந்துவிடும். தனித்தனியாக இருந்தால் செத்த டிஸ்க்கில் இருந்தது மட்டும் போகும். கோர்த்த பிறகு எல்லா டிஸ்க்கிலும் பரந்து கிடக்கும் ஒரே கோப்பமைப்பு அடிபடும்.

"முழுக்கப் போய்விடும்" என்றும் சொல்ல முடியாது. ஒரு டிஸ்க் செத்தபின் எல்விஎம் அந்தத் தொகுதியைத் திறக்க மறுக்கும். இப்படிச் சொன்னால் இருப்பதை மட்டும் வைத்துத் திறக்கும்:

```
vgchange -ay --activationmode partial vg_video
```

செத்த டிஸ்க் இருந்த இடமெல்லாம் வாசிக்கும்போது பிழை வரும். மற்ற இடங்களில் முழுதாகக் கிடக்கும் கோப்புகளை, வாசிக்க மட்டும் என்று மவுண்ட் செய்து எடுக்கலாம். செத்தது முதலாவது டிஸ்க் என்றால் கோப்பமைப்பின் தலைப்புப் பகுதியும் சேர்ந்து போயிருக்கும், மாற்றுப் பிரதியைத் தேடித்தான் தொடங்க வேண்டும். அடைவுகள் இருந்த பகுதி போயிருந்தால் கோப்பு கிடைக்கும், பெயர் கிடைக்காது. நூறு கலியாணவீட்டுக் காணொளி பெயரில்லாமல் ஒரே அடைவில் வந்து விழுந்தால், எது யாருடையது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.

ஆகவே, நேர்கோட்டு எல்விஎம்மை வேறோர் இடத்தில் பிரதி உள்ள தரவுக்கு மட்டும் வையுங்கள். அங்கே அது மிக நல்ல தெரிவு. கீழே அதற்குத் திரும்ப வருவேன்.

எல்விஎம்மிலேயே ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக ரெய்ட் நிலை கொடுக்கவும் வழி உண்டு. `lvcreate --type raid1` என்று ஒன்றை இரட்டைப் பிரதியாகவும், இன்னொன்றை நேர்கோடாகவும் அதே டிஸ்க்குகளில் வைக்கலாம். மூலக் காட்சிகளுக்கு இரட்டை, எடிட் செய்யும்போது வரும் தற்காலிகக் கோப்புகளுக்கு நேர்கோடு என்று பிரிக்கத் தெரிந்தவர்களுக்கு இது பொருந்தும். ஆனால் எது எங்கே இருக்க வேண்டும் என்ற ஒழுங்கை மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் எல்லாரும் காப்பாற்ற வேண்டும். அது அந்த ஸ்டூடியோவில் நடக்காது என்று தம்பியே சொல்லிவிட்டார்.

## கலப்பு ரெய்ட்: துண்டு துண்டாக அடுக்குவது

சினோலஜி பெட்டிகளில் எஸ்ஹெச்ஆர் என்று இருப்பது இதுதான். உள்ளே புதிதாக ஒன்றும் இல்லை. லினக்ஸில் எல்லாரிடமும் இருக்கும் `mdadm` என்ற ரெய்ட் கருவியும் எல்விஎம்மும் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. கையாலும் செய்யலாம்.

வழி இதுதான். மிகச் சிறிய டிஸ்க் 2 டெராபைட். எனவே நான்கு டிஸ்க்கிலும் முதல் 2 டெராபைட்டை ஒரு துண்டாக வெட்டி, நான்கு துண்டையும் ஒரு ரெய்ட் 5 ஆக்குகிறோம். இந்த அடுக்கு 6 டெராபைட் தரும். 2 டெராபைட் டிஸ்க் இத்தோடு தீர்ந்தது. மீதி மூன்றில் அடுத்த 2 டெராபைட்டை வெட்டி இன்னொரு ரெய்ட் 5 ஆக்கினால் 4 டெராபைட். இப்போது நான்குகள் இரண்டும் தீர்ந்தன. எட்டில் மட்டும் 4 டெராபைட் மிச்சம், அதற்குத் துணை இல்லை, அதனால் பாதுகாப்போடு பயன்படுத்த வழியும் இல்லை. இரண்டு அடுக்கையும் எல்விஎம்மில் கோர்த்தால் 10 டெராபைட்.

மனதில் வைக்க ஒரு குறுக்குவழி: எல்லாவற்றையும் கூட்டி, மிகப் பெரிய டிஸ்க்கைக் கழியுங்கள். 18 − 8 = 10. ஒரு டிஸ்க் சாவைத் தாங்கும் கலப்பு முறையில் இதைவிடக் கூட எடுக்க முடியாது.

```
mdadm --create /dev/md0 --level=5 --raid-devices=4 \
  --consistency-policy=ppl /dev/sd[abcd]1
mdadm --create /dev/md1 --level=5 --raid-devices=3 \
  --consistency-policy=ppl /dev/sd[bcd]2
pvcreate /dev/md0 /dev/md1
vgcreate vg_video /dev/md0 /dev/md1
lvcreate -n video -l 100%FREE vg_video
```

துண்டு வெட்டும்போது டிஸ்க்கின் கடைசி வரை போகாதீர்கள். 2 டெராபைட் டிஸ்க் 1863 GiB அளவு வரும், நான் 1860இல் நிறுத்துவேன். நாளைக்கு மாற்றாக வரும் டிஸ்க் ஒரு சொட்டுச் சின்னதாக இருந்தால், தொகுதி அதை ஏற்காது.

ஆறு பத்தாகிவிட்டது. இனி இதற்கு என்ன கொடுக்கிறோம் என்று பார்ப்போம்.

முதலாவது, சேதத்துக்கு இருந்த எல்லை போய்விடுகிறது. 2 டெராபைட் டிஸ்க்கும் ஒரு 4 டெராபைட் டிஸ்க்கும் ஒரே நேரத்தில் செத்தன என்று வையுங்கள். முதல் அடுக்கு இரண்டு டிஸ்க்கை இழந்துவிட்டது, அது முடிந்தது. இரண்டாவது அடுக்கு ஒன்றை மட்டும் இழந்து இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆனால் அந்த உயிரால் பயன் குறைவு. கோப்பமைப்பு இரண்டின் மேலும் படுத்திருப்பதால், மேலே சொன்ன நேர்கோட்டு எல்விஎம்மில் முதல் டிஸ்க் செத்த நிலைக்கே வந்துவிடுகிறீர்கள். இதைத் தவிர்க்க விரும்பினால் இரண்டு அடுக்கையும் ஒன்றாகக் கோர்க்காமல், 6 டெராபைட்டில் ஒரு கோப்பமைப்பு, 4 டெராபைட்டில் இன்னொன்று என்று வையுங்கள். ஒரே குளமாக இல்லாதது அசௌகரியம்தான். ஆனால் ஓர் அடுக்கு போனால் மற்றது முழுதாக நிற்கும். கையால் கட்டுபவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

இரண்டாவது, மீளக்கட்டும் நேரம் அடுக்கடுக்காக வருகிறது. எட்டு டெராபைட் டிஸ்க் செத்துப் புதியது போட்டால் இரண்டு அடுக்கையும் கட்ட வேண்டும். இரண்டும் அதே டிஸ்க்குகளில் இருப்பதால் லினக்ஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாது. முதலாவது முடியும் வரை இரண்டாவதற்கு நேரே இப்படித்தான் இருக்கும்:

```
md1 : active raid5 sdd2[3] sdc2[1] sdb2[0]
      [3/2] [UU_]
      resync=DELAYED
```

விநாடிக்கு 150 மெகாபைட் என்று போனால் ஓர் அடுக்குக்கு 3 மணித்தியாலம் 40 நிமிடம் அளவில் ஆகும், இரண்டுக்கும் ஏழரை மணித்தியாலம் வரும். யாரும் எடிட் செய்யாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. வேலை நடந்தால் மீளக்கட்டல் தானாகவே பின்வாங்கி வழிவிடும், ஒரு நாளையும் தாண்டலாம். அவ்வளவு நேரமும் இரண்டாவது அடுக்கு ஒரு டிஸ்க் குறைவோடு காத்திருக்கிறது.

மூன்றாவது, அந்த நேரத்தில் கரண்ட் போவது. ரெய்ட் 5இல் ஒரு தகவலை எழுதும்போது அதன் பாரிட்டியையும் எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் ஒன்று புதியதாகவும் மற்றது பழையதாகவும் நின்றுவிடும். டிஸ்க் எல்லாம் நலமாக இருந்தால் லினக்ஸ் திரும்ப வந்ததும் பாரிட்டியைச் சரிசெய்துவிடும். ஒரு டிஸ்க் ஏற்கெனவே இல்லை என்றால் சரிசெய்ய ஆதாரம் இல்லை. அப்போது `cannot start dirty degraded array` என்று சொல்லி, தொகுதி எழும்பவே மாட்டேன் என்று நிற்கும். வழமையான ரெய்ட் 5இலும் இந்த ஆபத்து உண்டு. கலப்பில் வேறுபாடு என்னவென்றால், இரண்டு தொகுதியில் ஏதாவது ஒன்று இப்படி மறுத்தாலே மேலே இருக்கும் முழுக் கோப்பமைப்பும் திறக்காது.

கட்டளையில் `--consistency-policy=ppl` என்று போட்டது இதற்காகத்தான். பாரிட்டியின் ஒரு பகுதியை முன்கூட்டியே ஒரு குறிப்பாக அதே டிஸ்க்குகளில் எழுதிவைக்கும். கரண்ட் போன பிறகு ஒரு டிஸ்க் இல்லாவிட்டாலும் தொகுதி எழும்பும். கரண்ட் போகும் கணத்தில் எழுதிக்கொண்டிருந்த தகவல் அரைகுறையாக நிற்கலாம். அதே பாரிட்டியைப் பகிர்ந்து கிடந்த, யாரும் தொடாத பழைய கோப்பு கெடாது. விலை: எழுதும் வேகம் 30 முதல் 40 வீதம் வரை குறையலாம். நமது மின்சாரத்துக்கு அந்த விலையைக் கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் முடிவு. அதில் ஒரு முடிச்சும் உண்டு. இது இருக்கும்போது தொகுதியை இன்னொரு டிஸ்க்குக்கு நீட்ட முடியாது. முதலில் `mdadm --grow --consistency-policy=resync /dev/md0` என்று கழற்றி, நீட்டி முடித்து, திரும்பப் போட வேண்டும். நீட்டும் வேலை நடக்கும் அந்த நீண்ட நேரத்தில்தான் இந்தப் பாதுகாப்பு இருக்காது.

நான்காவது, பழுதுபார்க்க வேண்டிய ஆளின் அறிவு. நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அலுவலகத்தில் இப்படிக் கையால் கட்டிய கலப்பு ஒன்று இருந்தது. டிஸ்க் செத்ததும் அங்கிருந்தவர் புதியதை வாங்கிப் போட்டு, துண்டுகளை வெட்டி, முதல் துண்டை `md0`இல் சேர்த்தார். மீளக்கட்டல் ஓடியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டாவது துண்டை `md1`இல் சேர்க்க மறந்துவிட்டார். கோப்புகள் எல்லாம் திறந்தன, இடம் எல்லாம் சரியாகக் காட்டியது. மாதக்கணக்கில் அந்த அடுக்கு ஒரு டிஸ்க் குறைவோடு ஓடியிருக்கிறது. வேறு ஏதோ வேலைக்குப் போய் `cat /proc/mdstat` அடித்தபோதுதான் `[UU_]` என்ற அந்தக் கோட்டைக் கண்டேன். அந்த இடைவெளியில் இன்னொரு டிஸ்க் செத்திருந்தால் எல்லாம் போயிருக்கும். வழமையான ரெய்ட்டில் இப்படி மறக்க இடமே இல்லை, ஏனென்றால் சேர்க்க ஒன்றுதான் இருக்கிறது.

வேகத்தைப் பற்றி ஒரு சொல். கோப்பு எந்த அடுக்கில் விழுகிறது என்பதைப் பொறுத்து வேகம் மாறும், நான்கு டிஸ்க் அடுக்கு மூன்று டிஸ்க் அடுக்கைவிடக் கொஞ்சம் நன்றாக ஓடும். ஒருவர் முதல் அடுக்கிலும் மற்றவர் இரண்டாவதிலும் வேலை செய்தால், டிஸ்க்கின் ஊசி இரண்டு மூலைக்கும் ஓடித் திரியும். கிகாபிட் நெட்வொர்க்கில் மூன்று பேர் வேலை செய்யும் இடத்தில் பெரும்பாலும் இதைக் கவனிக்க மாட்டீர்கள். இரண்டு அடுக்குக்கும் குறுக்கே, தரவை மாறி மாறிப் பரப்பும் ஸ்ட்ரைப் மட்டும் போடாதீர்கள். டிஸ்க் அதேதான் என்பதால் ஊசியின் ஓட்டம் கூடுமே தவிர வேகம் கூடாது.

## எட்டைத் தனியே எடுத்தால்

மேலே உள்ள எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு நான்குகளும் சேர்ந்தால் எட்டு. அப்படியானால் நான்குகள் இரண்டையும் நேர்கோட்டு எல்விஎம்மில் கோர்த்து வேலைக்கு வைத்துவிட்டு, எட்டை அதன் பிரதியாக வைத்தால் என்ன? 2 டெராபைட் டிஸ்க் எடிட் செய்யும் தற்காலிகக் கோப்புகளுக்கு.

பயன்படும் இடம் 8 டெராபைட். கலப்பைவிட 2 குறைவு. ஆனால் அந்த 10 டெராபைட் கலப்புக்கு வேறெங்கும் பிரதி இல்லை, அதற்கு இன்னும் ஒரு பெரிய டிஸ்க் வாங்க வேண்டும். இங்கே பிரதி இருக்கிறது. யாராவது ஒரு கலியாணவீட்டுக் கோப்புறையைத் தெரியாமல் அழித்தால், ரெய்ட் எந்த வகையாக இருந்தாலும் அந்த அழிப்பை உடனே உண்மையாக்கிவிடும். பிரதியில் நேற்றைய இரவு வரை உள்ளது அப்படியே கிடக்கும். பாரிட்டி இல்லை, எனவே கரண்ட் போனால் வரும் அந்தச் சிக்கலும் இல்லை. எட்டு டெராபைட் டிஸ்க்கில் சாதாரண கோப்பமைப்பு மட்டும் இருப்பதால், லினக்ஸ் இருக்கும் எந்தக் கணினியிலும் செருகித் திறக்கலாம். நான்குகளில் ஒன்று செத்தால் எட்டையே அந்த இடத்தில் மவுண்ட் செய்து, அரை மணித்தியாலத்தில் வேலையைத் தொடரலாம்.

இழப்பது, கடைசிப் பிரதிக்குப் பிறகு செய்த வேலை. டிஸ்க் மாலையில் செத்தால் அன்றைய எடிட் போகும். மூலக் காட்சிக்கு வழி இருக்கிறது: அன்றிரவுப் பிரதி முடியும் வரை கமராக் கார்டை அழிக்கக் கூடாது. இதை ஸ்டூடியோவில் கட்டாய விதியாக்கினார்கள்.

பிரதி எடுக்கும் கட்டளையில் ஒரு பொறி உண்டு. `rsync`க்கு `--delete` கொடுத்திருந்து, ஒருநாள் மூல டிஸ்க் மவுண்ட் ஆகாமல் இருந்தால், அது வெற்று அடைவைப் பார்த்துப் பிரதியில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடும். எனவே இரவில் இப்படி:

```
mountpoint -q /srv/video && mountpoint -q /mnt/copy && \
  rsync -a /srv/video/ /mnt/copy/
```

`--delete` இல்லை. மாதம் ஒருமுறை ஆள் இருந்து பார்த்துப் பழையதைக் கழிக்க வேண்டும். இல்லாவிட்டால் அழித்தவையும் பெயர் மாற்றியவையும் சேர்ந்து எட்டு நிரம்பிவிடும்.

## பக்கத்தில் பக்கமாக

| | ரெய்ட் 5 | நேர்கோட்டு எல்விஎம் | கலப்பு ரெய்ட் | 4+4, பிரதியாக 8 |
|---|---|---|---|---|
| பயன்படும் இடம் | 6 | 18 | 10 | 8, தனியே 2 |
| ஒரு டிஸ்க் செத்தால் | வேலை நிற்காது | கோப்பமைப்பு அடிபடும் | வேலை நிற்காது | கொஞ்ச நேரம் நிற்கும், அன்றைய வேலை போகலாம் |
| தவறுதலாக அழித்தால் | போய்விடும் | போய்விடும் | போய்விடும் | நேற்றையது இருக்கும் |
| மீளக்கட்டும்போது கரண்ட் போனால் | எழும்பாமல் நிற்கலாம் | மீளக்கட்டல் இல்லை | இரண்டில் ஒன்று நின்றாலும் எல்லாம் நிற்கும் | திரும்பப் பிரதி எடுக்கலாம் |
| 2ஐ எடுத்து 8 போட்டால் | 12 | 24 | 16 | 12, முழுப் பிரதியோடு |

இடம் எல்லாம் டெராபைட்டில். ரெய்ட் 5க்கும் கலப்புக்கும் சொன்ன கரண்ட் விடைகள் இரண்டும் `ppl` போடாத நிலைக்கு.

## யாருக்கு எது

வேலை ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது, டிஸ்க் எல்லாம் ஒரே அளவு, அல்லது மாற்றி ஒரே அளவாக்கக் காசு இருக்கிறது என்றால் வழமையான ரெய்ட். அதைவிட யோசிக்கத் தேவையில்லை.

கலப்பு முறை இரண்டு இடத்தில் உண்மையாகவே நல்லது. ஒன்று, ஐந்து ஆறு டிஸ்க், எல்லாம் வேறு வேறு அளவு, வருடத்துக்கு ஒன்றாக மாற்றும் பழக்கம். டிஸ்க் கூடக் கூட, சிறியதன் அளவுக்கு எல்லாவற்றையும் வெட்டுவதால் வரும் நட்டம் பெரிதாகும், கலப்பு அதை மீட்டுத் தரும். மற்றது, இந்த வெட்டல் ஒட்டல் எல்லாவற்றையும் தானே செய்யும் நாஸ் பெட்டி. அங்கே இரண்டாவது துண்டை மறக்கும் ஆள் இல்லை. இரண்டு இடத்திலும் பிரதி வேறொரு டிஸ்க்கில் இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது.

அளவுகள் இரண்டு சம பங்காகப் பிரியுமானால், நமது 4+4ம் 8ம் போல, பிரதி வைக்கும் வழியை முதலில் பாருங்கள். மூன்று நான்கு டிஸ்க் உள்ள சின்ன இடங்களுக்கு நான் இதைத்தான் விரும்புகிறேன். கொக்குவிலிலும் அதையே செய்தோம். அவர்களின் தரவு அப்போது 7 டெராபைட்டுக்குக் கொஞ்சம் குறைவு.

அடுத்த எட்டு வரும்போது கணக்கு மாறும். அப்போது 4, 4, 8, 8. கலப்பாக்கினால் 16, பிரதி இல்லை. இரண்டு எட்டையும் ஒரு ரெய்ட் 1, இரண்டு நான்கையும் ஒரு ரெய்ட் 1 ஆக்கி எல்விஎம்மில் கோர்த்தால் 12. இதில் பாரிட்டி இல்லை, மீளக்கட்டும்போது ஒரு டிஸ்க்கை மட்டும் வாசித்தால் போதும், வேலையும் நிற்காது. வழமையான ரெய்ட் 5ம் அதே 12தான் தரும், அதை இங்கே தேர்ந்தெடுக்க எனக்குக் காரணம் தெரியவில்லை. இப்போதைய வழியிலேயே தொடர்ந்து, ஒரு நான்கும் ஒரு எட்டும் வேலைக்கு, மற்ற இரண்டும் பிரதிக்கு என்று பிரித்தாலும் 12.

எதற்கு மாறினாலும் ஒன்றைக் கணக்கில் சேருங்கள். தரவு இருக்கும் டிஸ்க்கை அப்படியே கலப்புக்குள் இழுக்க முடியாது, துண்டு வெட்டும்போது உள்ளே இருப்பது போகும். 7 டெராபைட்டைக் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் வேண்டும். தம்பியிடம் அந்த இடம் இருக்கிறது, எட்டு டெராபைட் பிரதி டிஸ்க். ஆனால் அதிலேயே ஒரே பிரதி இருக்கும் அந்த இரண்டு மூன்று நாளும், கலியாணவீடு இல்லாத மாதமாகப் பார்த்து வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.